ஒரு பக்கத்தில் காவிரி

நாளை செயலாளர் வெளிக்கூட்டத்துக்குப் போகிறார், மாலைக்குள் ஒரு பக்கக் குறிப்பு வேண்டும் என்று பிரிவுக்குத் தகவல் வரும். அரசு அலுவலகங்களில் இது அன்றாடம் நடப்பது. அடுத்து என்ன நடக்கும் என்பதும் பழக்கப்பட்டதுதான். போன கூட்டத்துக்குத் தயாரித்த குறிப்பைத் திறப்பார்கள், தேதியை மாற்றுவார்கள், இரண்டு பத்தி வரலாறு அப்படியே இருக்கும். கடைசியில் 'எதிர்பார்க்கப்படும் வினாக்கள்' என்ற தலைப்பில் நான்கு கேள்விகள் நிற்கும். நான்குமே நமக்குப் பதில் தெரிந்த கேள்விகள். எதிரே உட்காரப் போகிறவர் கேட்க நினைப்பது எதுவும் அதில் இருக்காது.

இந்த ஒரு பக்கத்தை எப்படி எழுதினால் அது உதவும் என்பதைப் பொதுவாகப் பேசினால் பயனில்லை. எல்லாச் சிக்கலும் ஒன்றாகக் கூடிய ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். காவிரி நீர் மேலாண்மை ஆணையம் 2023 ஆகஸ்ட் 11 அன்று கூடியது. அதற்கு முந்தைய நாள் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு கூடியது. எதிர்த்தரப்பு அதே மேசையில் இருக்கிறது. முடிவெடுக்கும் இடத்தில் மத்திய அரசு அதிகாரிகள் இருக்கிறார்கள். பின்னால் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. டெல்டாவில் குறுவைப் பயிர் நிற்கிறது. கீழே நான் காட்டும் குறிப்பு எந்தக் கோப்பிலிருந்தும் எடுத்ததன்று. பொதுவில் வந்த எண்களை வைத்து, தமிழ்நாட்டு அதிகாரிக்கு ஒரு பக்கம் எழுதுவதென்றால் அதில் என்ன இருக்க வேண்டும் என்று நானே கட்டிப் பார்த்தது. கூட்டம் ஆங்கிலத்தில் நடப்பதால் உண்மைக் குறிப்பும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இங்கே வாசகருக்காகத் தமிழில் தருகிறேன்.

முதலில் பின்னணி, தேவையான அளவு மட்டும். காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று இறுதித் தீர்ப்பு தந்தது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதைத் திருத்தியது. தமிழ்நாட்டின் பங்கு 419 டி.எம்.சி.யிலிருந்து 404.25 ஆனது. மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஓராண்டுக்குத் தர வேண்டிய அளவு 192-லிருந்து 177.25 ஆனது. அந்த 177.25 மாதவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76 என்று போகிறது. இதை நடைமுறைப்படுத்த 2018 ஜூன் 1 அன்று அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படிதான் ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் வந்தன. 1892, 1924 ஒப்பந்தங்களைப் பற்றிக் குறிப்பில் ஒரு வரிகூட வேண்டாம். போகிற அதிகாரிக்கு அது தெரியும். தெரியாதென்றால் ஒரு பக்கம் அவரைக் காப்பாற்றாது.

இப்போது குறிப்பின் முதல் வரிக்கு வருவோம். பெரும்பாலான குறிப்புகள் இங்கேயே சறுக்குகின்றன. 'கூட்டத்தின் பொருள்' என்று தொடங்கி, கூட்ட அறிவிப்பில் இருப்பதையே திருப்பி எழுதுகின்றன. முதல் வரியில் நிற்க வேண்டியது, கூட்டம் முடியும்போது நமக்கு எந்த முடிவு பதிவாகி இருக்க வேண்டும் என்பதுதான். அந்த முடிவைக் கூட்டம் எந்த அலகில் எடுக்குமோ அதே அலகில் எழுத வேண்டும். காவிரியில் இது சின்ன விஷயம் இல்லை. தீர்ப்பு டி.எம்.சி.யில் பேசுகிறது. முதலமைச்சரின் கடிதம் டி.எம்.சி.யில் பேசுகிறது. ஆனால் ஆணையம் உத்தரவிடுவது 'வினாடிக்கு இத்தனை கன அடி, இத்தனை நாளைக்கு' என்றுதான். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. ஆக, வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால்தான் ஒரு டி.எம்.சி. சேரும். பேச்சு சூடாகும் நேரத்தில் தலைவர் '8,000 கன அடி, 15 நாள் போதுமா?' என்று கேட்டால், அது ஏறத்தாழ 10.4 டி.எம்.சி. என்பது அதிகாரிக்கு அந்த நொடியே தெரிய வேண்டும். கணிப்பானைத் தேடும் நேரத்தில் எதிர்த்தரப்பு அடுத்த எண்ணுக்குப் போய்விடும். ஆகவே பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு சிறு கட்டம் போட்டு, 3,000, 5,000, 10,000, 15,000, 24,000 கன அடி என்று ஐந்து வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 15 நாள் கணக்கில் டி.எம்.சி. எழுதிவிட வேண்டும்: 3.9, 6.5, 13, 19.4, 31.1. பக்கத்தில் இதற்கு இரண்டு அங்குலம் போகும். வரலாற்றுப் பத்தியை எடுத்துவிட்டால் அந்த இடம் கிடைத்துவிடும்.

அடுத்தது நிலவரம். அந்த ஆண்டு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை பிலிகுண்டுலுவில் வந்திருக்க வேண்டியது 40.4 டி.எம்.சி. என்றும், வந்தது 11.6 என்றும், குறைவு 28.8 என்றும் முதலமைச்சர் ஆகஸ்ட் தொடக்கத்தில் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருந்தார். கர்நாடகத்தின் நான்கு அணைகளில், அதாவது கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி ஆகியவற்றில், மொத்தக் கொள்ளளவு 114.6-க்கு 91 டி.எம்.சி. இருப்பு உள்ளது என்றும் அதில் இருந்தது. குறுவைக்கு இன்னும் 45 நாள் தண்ணீர் வேண்டும் என்றும் இருந்தது. குறிப்புக்கு இந்த எண்களே போதும். பின்னர் உச்ச நீதிமன்ற மனுவில் இதே குறைவு 28.849 என்று வந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு வடிவத்தில் எண் புழங்கினால் கூட்டத்தில் எதைச் சொல்வது என்று குறிப்பே தீர்மானித்துவிட வேண்டும். வாயால் சொல்ல 28.8, எழுதித் தர 28.849. இதை ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டுவிடலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்தத் தேதி, எத்தனை மணி நிலவரம் என்பதும் வேண்டும். நீர்மட்டம் காலை 8 மணிக்கு எடுக்கப்படுகிறது. காலை 11 மணிக் கூட்டத்துக்கு முந்தைய நாளின் எண்ணோடு போனால், எதிரே இருப்பவர் இன்று காலையின் எண்ணைக் கையில் வைத்திருப்பார்.

இனி கேட்பு. ஆகஸ்ட் மாதத்துக்கான 45.95 டி.எம்.சி.யை 31 நாளால் வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 17,156 கன அடி. இது நிலுவையைத் தொடாமல், அந்த மாதத்துக்கு மட்டும் உரியது. தமிழ்நாடு பின்னர் உச்ச நீதிமன்றத்தில் கேட்டது 24,000 கன அடி. இந்த இரண்டு எண்களும் அடுத்தடுத்து இருந்தால்தான் '24,000 எங்கிருந்து வந்தது?' என்ற கேள்விக்கு விடை நாக்கில் நிற்கும்: 17,156 இந்த மாதத்துக்கு, மீதி நிலுவையில் ஒரு பகுதி. வெறும் 24,000 என்று மட்டும் எழுதிய குறிப்பு, அதிகாரியைப் பேரம் பேச வந்தவராகக் காட்டிவிடும்.

கேட்பைவிடக் கடினமானது, கேட்பு கிடைக்காவிட்டால் எங்கே நிற்பது என்பது. பல குறிப்புகள் இதைப் பேசுவதே இல்லை. காரணம் எளிது: இறங்கும் எண்ணை எழுதிய தாள் வெளியே போனால் எழுதியவரின் தலை உருளும். அந்தப் பயம் நியாயமானது. அதற்காக அதிகாரியை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. காவிரியில் இதற்கு ஒரு கண்ணியமான வழி தீர்ப்பிலேயே இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் எல்லா மாநிலங்களும் தங்கள் பங்கின் விகிதத்தில் பற்றாக்குறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அந்த வழி. ஆகவே இரண்டாவது நிலைப்பாடு, விகிதாசாரக் கணக்காக இருக்கலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு அணைகளுக்கு வந்த நீர் வழக்கமான சராசரியைவிட 40 சதவீதம் குறைவு என்று ஒழுங்காற்றுக் குழு ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண். அப்படியானால் ஜூன், ஜூலைக்குத் தர வேண்டியது 40.43-இல் 60 சதவீதம், அதாவது 24.26 டி.எம்.சி. வந்தது 11.6 போக நிலுவை 12.66. இதை 15 நாளில் தீர்க்க வினாடிக்கு ஏறத்தாழ 9,770 கன அடி வேண்டும். ஆகஸ்டுக்கு 45.95-இல் 60 சதவீதம் 27.57. அது வினாடிக்கு ஏறத்தாழ 10,290 கன அடி. இரண்டையும் சேர்த்தால் 20,060. பற்றாக்குறையை முழுதாக ஒப்புக்கொண்ட பிறகும் நமக்கு 15 நாளைக்கு இருபதாயிரத்தை ஒட்டி வர வேண்டும் என்பதுதான் இந்தக் கணக்கின் வலிமை. ஆகஸ்ட் முதல் பத்து நாளில் வந்த நீரைக் கழித்தால் எண் கொஞ்சம் மாறும். சதவீதம் மாறினாலும் மாறும். ஆகவே பக்கத்தில் முடிவெண்ணை மட்டும் எழுதாமல் கணக்கின் படிகளை இரண்டு வரியில் வைத்துவிட்டால், புதிய சதவீதம் மேசைக்கு வந்தாலும் அதிகாரி பேனாவால் திருத்திக்கொள்வார். இப்படி எழுதிய தாள் வெளியே போனாலும் ஆபத்தில்லை. தீர்ப்பில் இருக்கும் முறையைத்தான் அது சொல்கிறது.

வினாக்களுக்கு வருவோம். ஒரு பக்கத்தில் ஐந்து கேள்விக்கு மேல் இடம் இல்லை. எந்த ஐந்து என்பதைத் தீர்மானிக்கச் சிறந்த வழி, பிரிவில் இருக்கும் ஒரு இளம் பொறியாளரைக் கர்நாடகத் தரப்பாக நடிக்கச் சொல்வதுதான். அவர் நம் கோப்பைப் படித்தவர், நம் பலவீனம் அவருக்குத் தெரியும். பதில் தடுமாறும் இடங்களெல்லாம் குறிப்புக்குள் வர வேண்டும். தடுமாறாத இடங்களை விட்டுவிடலாம்.

அவர் முதலில் கேட்பது இதுவாக இருக்கும்: 'மேட்டூரை ஜூன் 12 அன்று 103 அடியில் திறந்தீர்கள். கையில் இருந்த தண்ணீரை நீங்களே இஷ்டத்துக்குச் செலவழித்துவிட்டு எங்களைக் கேட்கிறீர்களே?' இதற்குக் கோபமாகப் பதில் எழுதுவது எளிது, பயனில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டு தொடங்கும் பதில்தான் நிற்கும்: 'இருப்பு இருந்தது உண்மை. வழக்கமான தேதியில் குறுவைக்குத் திறந்தோம். ஜூன், ஜூலைக்கு அட்டவணைப்படி 40.4 வரும் என்று நம்பித்தான் அந்த இருப்பைப் பயன்படுத்தினோம். வந்தது 11.6.' நான்கு வாக்கியம், இருபது வினாடி. பதில் எதுவானாலும் வாய்விட்டுப் படித்தால் அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எழுத்தில் அழகாக இருக்கும் பல பதில்கள் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும்.

இரண்டாவது: 'போன ஆண்டு அட்டவணையைவிடப் பல மடங்கு வந்ததே.' 2022-இல் காவிரியில் பெருவெள்ளம் வந்தது உண்மை. பதில்: 'மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வெள்ளத்தில் அதற்கு மேல் வருவது கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகிறது. ஒரு ஆண்டின் வெள்ளத்தை அடுத்த ஆண்டின் கணக்கில் கழிக்கத் தீர்ப்பு இடம் தரவில்லை.' இங்கே ஒரு எச்சரிக்கை. கடலுக்குப் போகிறது என்று சொன்ன மறுகணம், 'அதனால்தான் மேகதாது அணை வேண்டும் என்கிறோம்' என்று எதிர்த்தரப்பு எழும். குறிப்பு அதையும் பார்த்திருக்க வேண்டும். 'அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை. உச்ச நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது' என்ற இரண்டு வாக்கியம் போதும். அதற்கு மேல் ஒரு சொல் பேசினாலும் கூட்டத்தின் நேரம் அங்கே போய்விடும்.

மூன்றாவது கேள்வியில்தான் பெரிய பொறி இருக்கிறது. 'நடுவர் மன்றம் ஒப்புக்கொண்ட குறுவைப் பரப்பைவிட அதிகமாகப் பயிரிட்டிருக்கிறீர்கள்.' நம் பக்கத்தில் உடனே தோன்றும் பதில்: கூடுதல் பரப்பு வடிமுனைக் குழாய்க் கிணறுகளில், நிலத்தடி நீரில் விளைகிறது. உண்மையான பதில்தான். ஆனால் அத்தோடு நிறுத்தினால் எதிர்த்தரப்பு அடுத்த படிக்குப் போகும்: 'நிலத்தடி நீர் அவ்வளவு இருக்கிறதென்றால் ஆற்று நீர் ஏன்?' 2018 தீர்ப்பைப் படித்தவருக்கு இதற்கு விடை தெரியும். தமிழ்நாட்டின் பங்கிலிருந்து குறைத்த 14.75 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி. இந்த நிலத்தடி நீரைக் கணக்கில் வைத்துக் குறைத்தது. மீதி 4.75 பெங்களூருவின் குடிநீருக்கு. ஆகவே பதிலின் இரண்டாம் பாதியையும் எழுதிவைக்க வேண்டும்: 'எங்கள் நிலத்தடி நீரை உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே 10 டி.எம்.சி. கழித்துவிட்டது. அதை இன்னொரு முறை கழிக்க முடியாது.' பெங்களூரு குடிநீர் பற்றிய கேள்வி தனியாக வந்தால் இதே விவரத்தின் மறுபாதி உதவும். இரண்டு கேள்விக்கு ஒரே விவரம் என்பதால் பக்கத்திலும் இடம் மிச்சம்.

பிரிட்டன் அரசுப் பணியில் இந்த இரண்டாம் படிக்கு ஒரு ஏற்பாடு உண்டு. சொல்ல வேண்டிய பதிலுக்குக் கீழே, 'அழுத்திக் கேட்டால்' என்று ஒரு வரி தனியாகச் சேர்ப்பார்கள். முதல் பதிலோடு விட்டால் விட்டுவிடலாம். பிடித்துக்கொண்டால் அடுத்ததைச் சொல்லலாம். நம் ஊரில் இதற்கு நிகரானது நாடாளுமன்றத்தில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளுக்கு அமைச்சருக்குத் தயாரிக்கும் துணைக் கேள்விக் குறிப்பு. ஆனால் அது எதையும் விட்டுவிடக் கூடாதென்ற பயத்தில் வீங்கி, தடித்த கோப்பாகிவிடுகிறது. 1940 ஆகஸ்ட் 9 அன்று, போர் உச்சத்தில் இருந்தபோது, சர்ச்சில் தன் அரசில் எழுதப்படும் அறிக்கைகளைச் சுருக்கச் சொல்லி ஒரு குறிப்பு அனுப்பினார். விரிவான புள்ளிவிவரங்களைப் பின்னிணைப்புக்குத் தள்ளுங்கள் என்பது அதில் ஒன்று. அந்த ஏற்பாடுதான் இங்கேயும் பொருந்தும்: ஒரு பக்கம் கையில், பின்னிணைப்பு உடன் வரும் பொறியாளரின் பையில்.

நான்காவது கேள்வி எதிர்த்தரப்பிலிருந்து வராது. ஆணையத்தின் தலைவரிடமிருந்தோ மத்திய உறுப்பினரிடமிருந்தோ வரும், அதுவும் கனிவான குரலில்: 'பயிரைக் காப்பாற்ற உங்களுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும்?' மற்ற எல்லாக் கேள்வியையும்விட இதற்குத்தான் நான் பயப்படுவேன். அனுதாபத்தோடு கேட்கும் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்ற உந்துதல் யாருக்கும் வரும். வேளாண் துறை தந்த ஒரு தேவை எண்ணும் கோப்பில் இருக்கும். அதைச் சொன்ன கணத்தில் உரிமையின் பேச்சு முடிந்து தேவையின் பேச்சு தொடங்கிவிடும். சொன்ன எண் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். அடுத்த கூட்டத்தில் அதிலிருந்துதான் கழிப்பார்கள். பதில் சொல்ல மறுத்தாலோ, பிடிவாதம் என்ற பெயர் வரும். ஆணையத்தில் முடிவு பெரும்பான்மையால் எடுக்கப்படுகிறது. மாநிலங்களின் உறுப்பினர்கள் போக, இரு தரப்பும் இழுக்க முயல்வது மத்திய உறுப்பினர்களைத்தான். அவர்களை முகம் சுளிக்கவைக்க முடியாது. ஆகவே பதில் இப்படி இருக்கலாம்: 'தீர்ப்பு தேவையை அளவாக வைக்கவில்லை. பங்கை வைத்திருக்கிறது. பற்றாக்குறை ஆண்டில் அந்தப் பங்கு விகிதப்படி குறையும். நீங்கள் ஏற்கும் பற்றாக்குறைச் சதவீதத்தைச் சொல்லுங்கள், எவ்வளவு என்று இப்போதே கணக்கிட்டுத் தருகிறேன்.' முன்னே எழுதிவைத்த இரண்டு வரிக் கணக்கு இங்கேதான் வேலைக்கு வரும். கேட்டவருக்கும் ஒரு எண் கிடைக்கிறது, நமக்கும் அது தேவையின் எண்ணாக இல்லை.

இந்த ஐந்துக்கு வெளியே, வடகிழக்குப் பருவமழை பற்றிய கேள்வியும் வரும். இந்திய வானிலைத் துறையின் பிரதிநிதி ஒழுங்காற்றுக் குழுவில் இருப்பதால் அது தவிர்க்க முடியாதது. குறுவை அறுவடையாவது அந்த மழை ஊன்றுவதற்கு முன் என்பதே அதற்குப் போதுமான விடை.

ஐந்தாவது, அதிகாரத்தின் எல்லை. கூட்டத்தின் முடிவில் தலைவர் ஒரு எண்ணைச் சொல்லி, 'இரு மாநிலங்களுக்கும் சம்மதந்தானே?' என்று கேட்கலாம். அந்த இடத்தில் அதிகாரி தலையசைக்கலாமா கூடாதா என்பதை அவர் அங்கே யோசிக்கக் கூடாது. எந்த எண் வரை ஏற்கலாம், அதற்குக் கீழே போனால் எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டுமா, அமைச்சரைத் தொலைபேசியில் கேட்க வேண்டுமா என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்து குறிப்பில் வைக்க வேண்டும். இதைக் கேட்கக் கீழ்நிலை அலுவலர் தயங்குவார். தயங்கினால் குறிப்பு பாதிதான் முடிந்திருக்கிறது.

உண்மையில் நடந்ததைப் பார்த்தால் இந்தக் கடைசி வரியின் மதிப்பு தெரியும். தமிழ்நாட்டுத் தரப்பு பின்னர் சொன்னபடி, ஆகஸ்ட் 10 அன்று ஒழுங்காற்றுக் குழுவில் பேசப்பட்டது 15 நாளைக்கு வினாடிக்கு 15,000 கன அடி. மறுநாள் ஆணையத்தில் கர்நாடகம் 8,000 கன அடிதான், அதுவும் ஆகஸ்ட் 22 வரைதான் என்றது. நம் கட்டத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே இரவில் 19.4 டி.எம்.சி. ஏறத்தாழ 8 ஆனது. தமிழ்நாட்டு அதிகாரிகள் வெளிநடப்பு செய்தார்கள். ஆணையம் 10,000 கன அடி, 15 நாள் என்று முடிவு செய்தது. அது 13 டி.எம்.சி. ஆகஸ்டின் அன்றாட அளவான 17,156-க்கும் கீழே. தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது.

வெளிநடப்பு சரியா தவறா என்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. அது அரசின் முடிவு. குறிப்பு எழுதுபவர் கற்க வேண்டியது வேறு. முதல் நாள் வாய்மொழியாக ஒப்புக்கொண்ட எண் மறுநாள் மாறும் என்பதற்கு அவர் தயாராக இருக்க வேண்டும். ஒழுங்காற்றுக் குழுவில் ஒரு எண் பேசப்பட்டால் அது அன்று மாலைக்குள் எழுத்தில் பதிவாகிறதா என்று பார்க்க வேண்டும். பதிவாகியிருந்தால் அதன் நகல் மறுநாள் குறிப்போடு இணைய வேண்டும். பதிவாகாவிட்டால், 'நேற்று 15,000 பேசப்பட்டது, அது பதிவாக வேண்டும்' என்பதே மறுநாள் குறிப்பின் முதல் வரி. இரண்டு நாள் தொடர் கூட்டத்துக்கு ஒரே குறிப்பைக் கொண்டுபோவது பெரிய கவனக்குறைவு. முதல் நாள் இரவு புதிதாக ஒரு பக்கம் எழுதியாக வேண்டும்.

இதற்குப் பிறகு எண்கள் இறங்கிக்கொண்டே போனதும் கவனிக்கத்தக்கது. ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் நடுவிலும் 15 நாளைக்கு 5,000 கன அடி, அதாவது 6.5 டி.எம்.சி. செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 15 வரை 3,000 கன அடி. செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவில் தலையிட மறுத்தது. ஒவ்வொரு கூட்டமும் முந்தைய கூட்டத்தின் எண்ணிலிருந்து தொடங்கியது. ஆகவே 'போன கூட்டத்தில் என்ன முடிவானது, எவ்வளவு வந்து சேர்ந்தது' என்ற ஒரு வரி எல்லாக் குறிப்பிலும் வேண்டும். 5,000 உத்தரவாகி, 15 நாளில் 6.5 வர வேண்டிய இடத்தில் எவ்வளவு வந்தது என்று பிலிகுண்டுலு அளவீட்டிலிருந்து எடுத்து எழுதினால், கூட்டம் அங்கிருந்து தொடங்கும்.

ஒரு பக்கக் குறிப்பால் முடியாதவையும் உண்டு. எதிரே அரசியல் தீர்மானம் ஒன்று முடிவாகி வந்திருந்தால், எந்தப் பதிலும் அதை மாற்றாது. அப்போது குறிப்பின் பயன் நடவடிக்கைக் குறிப்போடு நிற்கிறது. அதில் ஏறும் ஒவ்வொரு வாக்கியமும் நாளை உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரத்தோடு இணையலாம். ஆகவே பரிந்துரைக்கும் ஒவ்வொரு பதிலையும் எழுதியவர் ஒரு தடவை எதிர்த்தரப்பு வழக்குரைஞரின் கண்ணால் படிக்க வேண்டும். 'நாங்கள் சமாளித்துக்கொள்வோம்', 'இப்போதைக்கு இது போதும்' போன்ற சொற்களை அந்தக் கண் சும்மா விடாது. தெரியாத கேள்வி வந்தால் சொல்ல வேண்டியதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்: 'சரிபார்த்து இன்று மாலைக்குள் எழுத்தில் தருகிறோம்.' சொன்னபடி மாலைக்குள் தருவதும் குறிப்பு எழுதியவரின் பொறுப்பு.

இவ்வளவும் ஏ4 தாளில் ஒரு பக்கத்தில் அடங்குமா என்றால் அடங்கும். எழுத்தளவைச் சிறிதாக்கி அடக்கக் கூடாது. அதிகாரி அதை மேசையில் வைத்தபடி, பேசிக்கொண்டே, கண்ணாடி போடாமல் பார்க்க வேண்டியிருக்கும். இடம் போதாவிட்டால் வெட்ட வேண்டியது நம் நியாயத்தை விளக்கும் பத்திகளை. எண்களையும் பதில்களையும் வெட்டக் கூடாது. தாளின் கடைசி வரியில் எழுதியவரின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கட்டும். கூட்டம் முடிகிற வரை அவர் கோப்புகளோடு இருக்கையில் இருக்க வேண்டும். அன்று அவருக்கு விடுப்பு கொடுக்காதீர்கள்.